தீபாவளி மாதக் கொள்முதல் கணக்கு

ஒரு ஜவுளிக்கடையின் தீபாவளி மாத விற்பனை 10 லட்சம் ரூபாய் என எதிர்பார்க்கப்படுகிறது. அதில் கால் பங்கு லாபம். ஆகவே விற்கும் சரக்கின் அடக்க விலை 7.5 லட்சம்.

சரக்கு ஆண்டுக்கு 6 முறை சுழன்றால், இரண்டு மாத விற்பனைக்கான சரக்கு கையில் இருக்க வேண்டும். பண்டிகைக்குப் பின் அடக்க விலையில் மாதம் 3 லட்சத்துக்கே விற்கும் என்பதால், இறுதி இருப்பு 6 லட்சம் போதும். 7.5 லட்சத்துடன் இந்த 6 லட்சத்தைக் கூட்டி, தொடக்க இருப்பு 9 லட்சத்தைக் கழித்தால் கொள்முதல் 4.5 லட்சம்.

பலர் சறுக்குவது அடக்க விலைக்குப் பதிலாக விற்பனை விலையைப் போடும்போதுதான். அப்போது விடை 7 லட்சமாகி, 2.5 லட்சம் அலமாரியில் முடங்கும். ஏற்கெனவே ஆர்டர் கொடுத்து இன்னும் வராத சரக்கையும் கழித்துவிட வேண்டும்.