நேர்முகத் தேர்வுக்கு எப்படி லீவு கேட்பது?

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறார் என் அக்கா. வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் முடிந்திருந்தபோது, பொதுச் சேவை ஆணையத்திடமிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. இடம் குவாந்தான், காலை நேரம். தானா ராத்தாவிலிருந்து முதல் நாளே கிளம்பினால்தான் சரிப்படும். ஆக, இரண்டு நாள் லீவு வேண்டும்.

"காய்ச்சல்னு எம்சி எடுத்திடவா?" என்றார் அக்கா. வேண்டாம் என்றேன். எம்சிக்கு டாக்டர் முன் பொய் சொல்ல வேண்டும். தோட்டத்திலோ யார் பஸ் ஏறினார்கள் என்பது மாலைக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். பொய் பிடிபட்டால் லீவு போவதோடு நிற்காது; ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதுவே காரணமாகலாம்.

உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 8 நாள் சம்பளத்தோடு லீவு. முதல் ஆண்டு முடியாதவருக்கு, முடித்த மாதங்களின் விகிதத்தில் கணக்கிடுவார்கள். 8-ஐ 12-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் 4.67. அரை நாளும் அதற்கு மேலும் வந்தால் ஒரு நாளாகக் கொள்ள வேண்டும் என்பதால், அக்காவுக்கு 5 நாள். நேர்முகத் தேர்வுக்கென்று தனி லீவு எதுவும் சட்டத்தில் கிடையாது. எந்தத் தேதியில் எடுப்பது என்பதற்கும் மேலாளர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் அழைப்பு வந்த மறுநாளே லீவு பாரத்தை நிரப்பினோம். காரணம் என்ற இடத்தில் 'உருசான் பெரிபாடி' என்று மட்டும். சொந்த விஷயம். பொய்யே இல்லை.

பாரத்தோடு ஒரு வரியும் சேர்த்தார்: "கொழுந்து எடைப் பதிவை முதல் நாளே முடித்து வைக்கிறேன், அந்த இரண்டு நாளும் இன்னார் பார்த்துக்கொள்வார்." மேலாளருக்கு உண்மையில் கவலை அதுதான் என்பது, அவர் உடனே கையெழுத்துப் போட்டதில் தெரிந்தது.

"எங்கம்மா போறே?" என்று மண்டோர் கேட்டார். "குவாந்தானுக்கு ஐயா, ஒரு சொந்த வேலையா" என்றார் அக்கா. நேரடியாகவே "வேற வேலை தேடுறியா?" என்று கேட்டிருந்தால் என்ன சொல்வது என்பதையும் பேசி வைத்திருந்தோம்: "வாய்ப்பு வந்தா பார்ப்பேங்க ஐயா. எதுவும் முடிவாகல, ஆனா முறைப்படி நோட்டீஸ் கொடுக்காம போகமாட்டேன்." இல்லை என்று அடித்துச் சொல்வது, பின்னால் அவரிடமே நற்சான்று கேட்கும்போது தலைகுனிய வைக்கும்.

அழைப்புக் கடிதத்தை அலுவலக பிரிண்டரில் எடுக்கப் போனவரை நல்லவேளை தடுத்தேன்! தானா ராத்தா கடையில் எடுத்தோம்.

முடிவு இன்னும் வரவில்லை. அக்கா வழக்கம்போல் எடைப் பதிவில் இருக்கிறார். வேலை கிடைத்து நியமனக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் மேலாளரிடம் பேசுவார். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் குறிப்பிடவில்லை என்பதால், இரண்டு ஆண்டு நிறையாதவருக்குச் சட்டம் சொல்லும் 4 வாரம் அவருக்குப் பொருந்தும். புதிய வேலையில் சேரும் தேதியை அதற்கேற்பக் கேட்க வேண்டும் என்று காலண்டரில் இப்போதே எழுதி வைத்திருக்கிறார்.