வானத்தில் விழும் பட்டைகள்

மாலை வானத்தைப் படமெடுத்து, நிறம் இன்னும் எடுப்பாகத் தெரியட்டும் என்று திருத்தினால், சில சமயம் வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து நிற்கும். கேமராவில் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இது கணக்குத் தட்டுப்பாடு.

ஜேபெக் படம் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 அளவுகளையே வைத்திருக்கிறது. கைபேசியை நிமிர்த்தி எடுத்த ஒரு படத்தின் உயரம் 4,000 பிக்சல் என்றும், அதில் வானம் மட்டும் 3,000 பிக்சல் என்றும் வைத்துக்கொள்வோம். நீலத்தின் அளவு உச்சியில் 150, அடிவானத்தில் 180. இடையில் இருப்பது 30 படிகள்தான். ஆகவே ஒவ்வொரு படியும் 100 பிக்சல் அகலத்துக்கு நீள்கிறது. ஒரே ஓர் அளவு மாறும் படி சாதாரணமாகக் கண்ணில் படாது. ஆனால் நீங்கள் திருத்தும்போது 150 என்பது 90 ஆகிறது, 180 அப்படியே நிற்கிறது என்றால், அதே 30 படிகள் 90 அளவுத் தூரத்தைக் கடக்க வேண்டும். ஒவ்வொன்றும் மூன்று அளவு தாவும். இரண்டு நிறங்கள் சந்திக்கும் விளிம்பைக் கண் இயல்பாகவே மிகைப்படுத்திக் காட்டும். இதை எர்ன்ஸ்ட் மாக் 1865-லேயே விளக்கியிருக்கிறார். அதனால் அந்தத் தாவல் கோடாகத் தெரிகிறது.

அளவுக்கு மீறிய சுருக்கமும் இதையே செய்யும். கேமராவின் சென்சாரில் இயல்பாக எழும் மெல்லிய புள்ளிகள் படிகளின் விளிம்பைக் கலைத்து மறைத்துவிடும். ஜேபெக் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, நுண்ணிய வேறுபாடுகளை முதலில் கழித்துவிடுகிறது. புள்ளிகள் போய்விட, பட்டைகள் வெளியே வருகின்றன.

திருத்த இறங்கும் முன், குறை படத்திலா திரையிலா என்று பாருங்கள். படத்தை 100% அளவில் வைத்து, வேறொரு திரையிலும் திறந்து பார்க்கலாம். அங்கே பட்டை இல்லையென்றால் படத்தைத் தொட வேண்டியதில்லை.

படத்தில்தான் என்றால், கிம்ப் 2.10-ல் இப்படிச் செய்யலாம். திருத்தாத மூலப்படம் இருந்தால் அதிலிருந்தே தொடங்குவது நல்லது. முதலில் Image > Precision போய் 16 bit integer தேர்ந்தெடுங்கள். இது மட்டும் பட்டையைப் போக்காது. படிகளுக்கு இடையே புதிய நிறங்கள் உட்கார இடம் தருகிறது, அவ்வளவுதான்.

அடுத்து லேயரை நகலெடுத்து, Gaussian Blur கொடுங்கள். அளவு பட்டையின் அகலத்தில் பாதி இருந்தால் போதும். நம் படத்தில் அது 50 பிக்சல். இப்போது படிகள் கரைந்து சரிவாகும். ஆனால் மரம், கட்டடம் இவற்றின் கருமையும் வானத்துக்குள் கசியும். அதைத் தடுக்க, மங்கலாக்கும் முன் நகல் லேயரில் விளிம்பை ஒட்டிய பகுதிகளை குளோன் கருவியால் வான நிறத்தால் மூடிவிடுங்கள். பிறகு லேயர் மாஸ்க் போட்டு, வானத்தில் மட்டும் நகல் தெரியும்படி செய்யுங்கள். மேகங்கள் மங்கிவிடும் என்பதால் அவற்றையும் மாஸ்க்கில் விலக்க வேண்டும். வண்ணத் திருத்தம் இதற்குப் பிறகுதான்.

கடைசிப் படிதான் பலர் விட்டுவிடுவது. படத்தை மீண்டும் 8 bit ஆக்கினால், சரிவு திரும்பவும் படிகளாகும். இப்போது அவற்றின் உயரம் ஓர் அளவுதான் என்றாலும், அகலமான வானத்தில் சில கண்களுக்கு அது தெரியும். மாற்றும்போது கிம்ப் காட்டும் Dithering பட்டியலில் Floyd-Steinberg தேர்ந்தெடுத்தால், விளிம்புகள் நுண்புள்ளிகளாகச் சிதறிவிடும். படத்தில் வேண்டுமென்றே இரைச்சல் கலந்தால் பட்டை மறையும் என்பதை லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1962-ல் ஒரு கட்டுரையில் காட்டினார். பின்னாளில் அர்பாநெட் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவர் அவர்தான்.

மங்கலாக்காமல் இரைச்சலை மட்டும் சேர்க்கும் குறுக்குவழியும் உண்டு. ஆனால் மூன்று அளவு தாவும் படியை மறைக்க ஏறத்தாழ அதே அளவு இரைச்சல் வேண்டும், வானம் சொரசொரப்பாகும். சரிவாக்கிய பிறகு ஓர் அளவு இரைச்சலே போதும்.

சேமிக்கும்போது தரத்தை 90-க்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் நீங்கள் சேர்த்த புள்ளிகளையும் ஜேபெக் கழித்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் புகைப்படமாக அல்லாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கட்டம் கட்டமாக உடைந்துபோன வானத்தை எந்த வழியும் முழுதாக மீட்காது. அழுத்தமாகத் திருத்தப்போகிறீர்கள் என்று முன்பே தெரிந்தால், ரா வடிவில் எடுங்கள். 12 பிட் ராவில் ஒரு நிறத்துக்கு 4,096 அளவுகள் இருக்கின்றன.