ஸ்டோன்ஹெஞ்சின் முகம் எந்தப் பக்கம்?

ஆண்டுதோறும் ஜூன் 21-ஐ ஒட்டிய விடியற்காலையில், தென் இங்கிலாந்தின் சால்ஸ்பரி சமவெளியில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடுகிறார்கள். அங்கே நிற்கும் ஸ்டோன்ஹெஞ்ச் கல் வட்டத்தின் நடுவிலிருந்து வடகிழக்கே பார்த்தால், வட்டத்துக்கு வெளியே தனியாக, சற்றே சாய்ந்தபடி ஒரு முரட்டுக் கல் தெரியும். ஹீல் கல் என்று அதற்குப் பெயர். ஐந்து மணிக்குச் சற்று முன்பு அதன் பக்கத்தில் சூரியன் தலைகாட்டும். சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன்பு, கையில் எழுத்தோ உலோகக் கருவியோ இல்லாதவர்கள் இந்தத் திசையை எப்படிப் பிடித்தார்கள் என்று எல்லோரும் வியக்கிறார்கள். உண்மையில் திசையைப் பிடிப்பதுதான் இந்த வேலையிலேயே சுலபமானது.

சூரியன் தினமும் ஒரே இடத்தில் உதிப்பதில்லை என்பது மொட்டைமாடியில் நின்று கவனித்த யாருக்கும் தெரியும். சென்னையில் ஜூன் மாதக் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கிறது. டிசம்பரில் அதே அளவு தெற்கே. நிலநடுக்கோட்டை விட்டு விலக விலக இந்த ஊசலாட்டம் அகலமாகும். சால்ஸ்பரி சமவெளி 51 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் அங்கே சூரியன் இருபுறமும் 40 டிகிரி அளவுக்கு ஓடுகிறது. மார்ச் மாதத்தில் அதன் உதயப் புள்ளி ஒரே நாளில் தன் அகலத்தைவிட அதிகமாக நகர்ந்துவிடும். எல்லையை நெருங்கும்போதோ வேகம் தணிந்து, ஏறக்குறைய நின்றேவிடும். ஜூன் 21-க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் உதயப் புள்ளியில் ஏற்படும் வித்தியாசம் சூரிய வட்டின் மூன்றில் ஒரு பங்குதான். பிறகு மெல்லத் திரும்பி வந்த வழியே போகத் தொடங்கும்.

ஆகவே, ஒரே இடத்தில் நின்று தினமும் உதயத்தை நோக்கி ஒரு கழி நட்டுக்கொண்டே வந்தால் போதும். கழிகள் நெருங்கி நெருங்கி ஓரிடத்தில் குவியும், அதுதான் எல்லை. ஒரு நாள் மேகம் மறைத்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம், இந்த ஆண்டு தவறினால் அடுத்த ஆண்டு. கணிதம் எதுவும் தேவையில்லை. ஆனால் இதே காரணத்தால், எந்த நாள் உச்ச நாள் என்பதை இந்தக் கற்களை வைத்துச் சொல்ல முடியாது. பத்து நாளும் சூரியன் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் உதிக்கும். ஸ்டோன்ஹெஞ்சை நாள்காட்டி என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: வட்டத்துக்குத் திசை கிடையாது. பிரிட்டன் தீவுகளில் கல் வட்டங்கள் ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் சூரியனை நோக்கிய தெளிவான கோடு ஏதுமில்லை. முப்பது கற்களில் இரண்டிரண்டாகக் கோடு இழுத்தால் நானூற்றுக்கும் மேற்பட்ட கோடுகள் கிடைக்கும். அவற்றில் ஏதோ ஒன்று தற்செயலாகச் சூரியனில் போய் முட்டத்தான் செய்யும். ஸ்டோன்ஹெஞ்சை நம்ப வைப்பது அதன் அச்சு. வட்டத்துக்குள்ளே, மேலே குறுக்குக்கல் தாங்கிய ஐந்து பெரும் கல் வாசல்கள் குதிரை லாட வடிவில் நிற்கும்படி அமைத்தார்கள். லாடத்தின் வாய் வடகிழக்கே திறந்திருக்கிறது. அதே நேர்கோட்டில் ஓர் அகலமான மண் பாதை தொடங்கி, நேராகச் சரிவில் இறங்குகிறது. அதைவிட நல்ல சாட்சி, சுற்று அகழியின் பழைய வாசல். கி.மு. 3000 வாக்கில் வெட்டிய அந்த வாசல் சூரியத் திசையிலிருந்து சில டிகிரி விலகியிருந்தது. பெருங்கற்களை நட்ட காலத்தில் அகழியின் ஒரு முனையை மூடி, வாசலை அகலப்படுத்திப் புதிய அச்சுக்கு ஒத்துவரச் செய்திருக்கிறார்கள். தற்செயலாக அமைந்த கோட்டுக்காக யாரும் அகழியைத் தூர்க்க மாட்டார்கள்.

ஹீல் கல்லைப் பற்றியும் ஒரு திருத்தம். சூரியன் அதன் உச்சியில் உதிப்பதாகப் படங்கள் காட்டும். நடுவில் நின்று பார்த்தால் முதல் ஒளி அதற்கு இடப்பக்கம்தான் தெரியும். 1979-இல் மைக் பிட்ஸ் என்ற தொல்லியலாளர் ஹீல் கல்லுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கல் நின்ற குழியைக் கண்டுபிடித்தார். இரு கற்களும் ஒரே காலத்தில் நின்றிருந்தால், அவை சூரியனுக்கு நிலைக்கால்கள்போல இருந்திருக்கலாம்.

இந்தக் கோட்டைக் கொண்டு கட்டிய காலத்தைக் கணக்கிடலாமே என்று 1901-இல் முயன்றவர் வானியலாளர் நார்மன் லாக்யர். பூமியின் அச்சுச் சாய்வு மிக மெதுவாகக் குறைந்து வருவதால், உதயத்தின் எல்லையும் நூற்றாண்டுக்கு நூற்றாண்டு சற்றே இடம் மாறுகிறது. இன்றைய திசைக்கும் அச்சின் திசைக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, கி.மு. 1680-ஐ ஒட்டியது என்று முடிவு சொன்னார். யோசனை அருமையானது, விடைதான் தவறு. கதிரியக்கக் கரிமக் கணிப்பு பெருங்கற்களைக் கி.மு. 2500-ஐ ஒட்டி வைக்கிறது.

எங்கே சறுக்கியது? 4,500 ஆண்டுகளில் உதயப் புள்ளி நகர்ந்திருப்பது மொத்தமே சுமார் ஒரு டிகிரி. அச்சை அளப்பதில் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலே விடை 400 ஆண்டு தள்ளிப்போகும். அதைவிடப் பெரிய சிக்கல், உதயம் என்று எதைச் சொல்வது? அந்த ஊரில் சூரியன் செங்குத்தாக எழாமல் சாய்வாக ஏறுகிறது. மேல் விளிம்பு தெரிவதற்கும் முழு வட்டும் வெளிவருவதற்கும் இடையில் அது வலப்பக்கம் கிட்டத்தட்ட 0.8 டிகிரி போய்விடும். முதல் ஒளியைக் கட்டியவர்கள் பார்த்தார்களா, முழுச் சூரியனையா? பதிலை மாற்றினால் மூவாயிரம் ஆண்டு மாறிவிடும்.

சரி, ஏன் இந்த இடம்? 2008-இல் மைக் பார்க்கர் பியர்சன் குழுவினர் வடகிழக்குப் பாதையைத் தோண்டியபோது, அதன் அடியில் சுண்ணாம்புப் பாறையில் நீளவாக்கில் ஓடும் வரிப்பள்ளங்களைக் கண்டார்கள். பனி யுகத்தில் நீர் உறைந்தும் உருகியும் உண்டான இயற்கைப் பள்ளங்கள் அவை. அவை அதே கதிர்த்திருப்பத் திசையில் ஓடின. நிலமே சூரியனை நோக்கிக் கோடு போட்டிருப்பதாக அந்த மக்கள் கண்டிருக்க வேண்டும், அதனால்தான் இடம் தேர்வானது என்பது பியர்சனின் கருத்து. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. எனக்கென்னவோ, இவ்வளவு பாரத்தை இங்கே இழுத்து வந்ததற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் கண்ணில் படவில்லை.

கோட்டுக்கு இரண்டு முனை உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். தொடுவானம் ஏறத்தாழ சமமாக இருக்கும் இடத்தில், ஜூன் உதயத்துக்கு நேர் எதிரே டிசம்பர் அஸ்தமனம் வரும். அப்படியானால் அவர்கள் எதைப் பார்த்தார்கள்? ஐந்து வாசல்களில் மிக உயரமானது தென்மேற்கில்தான் இருந்தது. மண் பாதை வழியாக ஊர்வலமாக வருபவரின் முகமும் தென்மேற்கே, குளிர்காலச் சூரியன் மறையும் பக்கமே திரும்பியிருக்கும். மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள டரிங்டன் வால்ஸ் குடியிருப்பில் விருந்து முடிந்து எறிந்த பன்றி எலும்புகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. பல் முளைப்பையும் தேய்மானத்தையும் பார்த்தால் அவற்றில் பல, ஒன்பது மாத வயதை ஒட்டி வெட்டப்பட்டவை என்று தெரிகிறது. வசந்தத்தில் பிறந்த குட்டிக்கு ஒன்பது மாதம் நிறைவது நடுக்குளிரில். நீண்ட இரவுகள் முடிந்து சூரியன் திரும்பும் நாள், பயிரும் கால்நடையும் நம்பி வாழ்ந்தவர்களுக்கு ஜூனைவிடப் பெரிய நாளாக இருந்ததில் வியப்பில்லை.

எலும்பும் கல்லும் சொல்வதை வைத்துப் பார்த்தால், ஸ்டோன்ஹெஞ்ச் முதலில் டிசம்பர் மாலைக்காகக் கட்டப்பட்டது என்பதே என் தீர்ப்பு. இன்றைய பெருங்கூட்டமோ ஜூன் காலையில், எதிர்த்திசையைப் பார்த்தபடி கூடுகிறது.