மாநாட்டில் கேட்டதை எழுதலாம், சொன்னவர் பெயரைப் போடலாமா?

"அண்ணா, போடறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடுங்க" என்று ஓர் இளம் பொறியாளர் தன் லிங்க்ட்இன் பதிவை எனக்கு அனுப்பியிருந்தார். கோவையில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு பற்றி நடந்த இரண்டு நாள் மாநாட்டுக்குப் போய்வந்தவர். பதிவில் நான்கு படங்கள், இருபத்து மூன்று பேருக்கு டேக், நிறைய நன்றி. நடுவில் ஒரு வரி: தேநீர் இடைவேளையில் திருப்பூர் சாய ஆலை ஒன்றின் மேலாளரோடு பேசினேன், அவர்கள் ஆர்.ஓ. மெம்பரேன் எட்டு மாதம்கூடத் தாங்குவதில்லையாம். மேலாளரின் பெயரும் டேக்கோடு இருந்தது.

பதிவிலேயே உருப்படியான வரி அதுதான். வம்பை இழுக்கக்கூடிய வரியும் அதுதான்.

கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஊரில் ஆர்.ஓ. ஒழுங்காக ஓடுகிறதா என்பது தொழிலின் உயிர்நாடி. டேக் செய்த பெயரைத் தட்டினால் மேலாளரின் சுயவிவரப் பக்கம் வரும், அதில் ஆலையின் பெயர் இருக்கும். துணி வாங்கும் நிறுவனத்தின் தணிக்கையாளர் படிக்கலாம், மாசுக் கட்டுப்பாட்டு அலுவலர் படிக்கலாம், முதலாளியும் படிப்பார். மெம்பரேனை அடிக்கடி மாற்றுவது செலவுப் பிரச்சினைதான், விதிமீறல் அல்ல. ஆனால் படிப்பவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது? டீ குடித்துக்கொண்டே மனம்விட்டுப் பேசியவருக்கு வேலை போகலாம்.

மேடைப் பேச்சுக்கும் தேநீர்ப் பேச்சுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். மேடையில் பேசியதைப் பற்றி எழுத நமக்கு உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆவது பிரிவில், பொதுவில் நிகழ்த்தப்பட்ட உரையைச் செய்தியாகத் தருவதை நியாயமான பயன்பாடாக ஏற்கிறது. விமர்சிக்கவும் மதிப்பிடவும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் செய்தியாகத் தருவது வேறு, உரை முழுவதையும் கைப்பேசியில் பிடித்து ஏற்றுவது வேறு. நாற்பது ஸ்லைடையும் படமெடுத்து வரிசையாகப் போட்டுவிட்டு 'நியாயமான பயன்பாடு' என்று சொன்னால் எடுபடாது. அந்த ஸ்லைடுகள் பேச்சாளருக்கோ அவர் வேலைபார்க்கும் நிறுவனத்துக்கோ சொந்தம். கட்டணம் கட்டியவர்கள் மட்டும் நுழையும் அரங்கு 'பொது' ஆகுமா என்பதிலும் வாதத்துக்கு இடமுண்டு.

இதற்கு மேல் கூட்டத்தின் சொந்த விதி என்று ஒன்று இருக்கும். அறிவியலாளர்கள் கூடும் கார்டன் ஆராய்ச்சி மாநாடுகளில் சொல்லப்படும் எல்லாம், சுவரில் ஒட்டிய போஸ்டர் உட்பட, தனிப்பட்ட பேச்சாகவே கருதப்படும், படமெடுக்கவும் தடை. வெளியிடாத முடிவுகளைத் தயங்காமல் பேசவே அந்த ஏற்பாடு. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் அப்படி ஒரு படம் வெளியே போனால், கண்டுபிடித்தவர் பல நாடுகளில் அந்த உரிமையையே இழக்க நேரிடலாம். கொள்கை பேசும் வட்டமேசைகளில் 'சாத்தம் ஹவுஸ் விதி' என்று அறிவிப்பார்கள். லண்டனில் உள்ள அந்த அமைப்பு 1927இல் வகுத்தது அது. கேட்ட தகவலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சொன்னவர் யார், எந்த நிறுவனத்தவர் என்பதைச் சொல்லக்கூடாது. கூட்டத்தில் இன்னார் இருந்தார் என்றும் சொல்லக்கூடாது. ஆகவே அங்கே பெயர் போடாமல் மேற்கோள் காட்டிவிட்டு, கீழே எல்லோரையும் டேக் செய்து நன்றி சொன்னாலும் விதி உடைந்ததுதான். இதைப் பலர் கவனிப்பதில்லை.

விதி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பதிவுப் படிவத்தில் நாம் படிக்காமல் 'சம்மதம்' தட்டிய பகுதியில் இருக்கும். நெறியாளரின் தொடக்க அறிவிப்பில் வரும். சில மென்பொருள் மாநாடுகளில் படம் வேண்டாம் என்பவர்களுக்குக் கழுத்துப் பட்டையையே வேறு நிறத்தில் தருகிறார்கள்.

அந்த இளம் பொறியாளரின் பதிவுக்கு வருகிறேன். "அந்த மேலாளர் பேச்சிலிருந்து நீ என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டேன். சிலிக்கா என்றார். தண்ணீரில் உள்ள சிலிக்கா மெம்பரேனில் படிந்து அடைக்கிறது. "ஏன் அடைக்குது?" கொஞ்சம் யோசித்துக் கணக்கைச் சொன்னார். உடனே அதையே எழுதச் சொன்னேன். திருத்திய பத்தி இப்படி வந்தது:

"உள்ளே வரும் நீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் சிலிக்கா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு லிட்டரில் 75 லிட்டரை நல்ல நீராக எடுத்தால், மொத்தச் சிலிக்காவும் மிச்சமுள்ள 25 லிட்டரில் சேரும். செறிவு நான்கு மடங்காகி 120 மில்லிகிராம் ஆகும். 25 டிகிரி வெப்பத்தில் சிலிக்கா கரையும் எல்லையே ஏறத்தாழ அவ்வளவுதான். அதற்கு மேல் நீரை இழுத்தால் மெம்பரேனில் படியும். இதுவரை மீட்பு விகிதத்தை மட்டுமே பார்த்தேன். இனி சிலிக்கா அளவைக் கேட்காமல் அதை முடிவு செய்ய மாட்டேன்."

மேலாளர் இல்லை, ஆலை இல்லை, திருப்பூரும் இல்லை. கற்றது மட்டும் முழுதாக இருக்கிறது. முன்பிருந்த வரியில் இன்னொருவரின் கஷ்டம்தான் தெரிந்தது, எழுதியவருக்கு என்ன புரிந்தது என்பது தெரியவில்லை.

டேக் இருபத்து மூன்றிலிருந்து மூன்றாகக் குறைந்தது. ஒவ்வொரு பெயரோடும் ஏன் அந்தப் பெயர் என்று ஒரு வரி எழுத முடிகிறதா என்று பார்த்தோம். முடியாதவை போயின, கைகுலுக்கி அட்டை வாங்கியவர்கள் பெரும்பாலும் அதில் அடக்கம். மிஞ்சிய மூவருக்கும் அவர்களைப் பற்றிய வரியை அனுப்பி, "இதை உங்கள் பெயரோடு போடலாமா?" என்று கேட்டார். இருவர் சரி என்றார்கள். ஒருவர் படத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். காரணம் சொல்லவில்லை, கேட்கவும் வேண்டாம். அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருக்கலாம், வேறு வேலை தேடிக்கொண்டிருக்கலாம்.

உங்களை யாராவது இப்படி மாட்டிவிட்டால்? பதிவின் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டினால் Remove mention வரும். அது இணைப்பை மட்டும் அறுக்கும், வரியை அழிக்காது. ஆகவே முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, எழுதியவருக்கு எந்த வரியை நீக்க வேண்டும் என்று குறிப்பிட்டுத் தனிச்செய்தி அனுப்புங்கள். பொதுவில் பின்னூட்டம் போட்டால் படிக்காதவர்களும் தேடிப்போய்ப் படிப்பார்கள். அவர் மசியாவிட்டால் மாநாட்டு அமைப்பாளரிடம் சொல்லலாம், விதி அவர்களுடையது. உங்கள் ஸ்லைடுகள் அப்படியே ஏற்றப்பட்டிருந்தால் அந்தத் தளத்தின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள்.

தவறு நம்முடையது என்றால் வரியைத் திருத்துவதோடு சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டும் சொல்லிவிட வேண்டும். டேக் போட்ட நொடியில் அவருக்கு அறிவிப்பு போயிருக்கும். திருத்துவதற்குள் யார் யார் படித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. அவர் தன் முதலாளிக்குப் பதில் சொல்லத் தயாராக வேண்டியிருக்கும்.