27 சீட்டு வாங்கினால் ஒரு பரிசு நிச்சயம்

தமிழ்நாட்டில் லாட்டரி என்றால், 2003-இல் தடை வரும்வரை பேருந்து நிலையங்களில் கூவி விற்ற அச்சடித்த சீட்டுதான் நினைவுக்கு வரும். கேரளத்தில் இன்றும் அதுதான். எண்ணை அரசே அச்சிட்டுத் தருகிறது. இருப்பதில் ஒன்றைப் பொறுக்கி எடுப்பதோடு நம் வேலை முடிந்தது. சிங்கப்பூர் டோட்டோ வேறு மாதிரி. 1 முதல் 49 வரை உள்ள எண்களில் தனக்குப் பிடித்த ஆறை வாங்குபவரே குறிக்கிறார். ‘வீலிங்’ என்ற வித்தை பிறந்தது இப்படி எண்ணைத் தேர்ந்தெடுக்க விடும் ஆட்டங்களில்தான்.

ஒருவருக்கு ஆறு போதவில்லை, ஒன்பது எண்கள் மேல் ஆசை என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதிலிருந்து ஆறு ஆறாக எடுத்தால் 84 விதமான சீட்டுகள் வரும். அத்தனையையும் வாங்குவது முழு வீல். டோட்டோவில் இதற்கு ‘சிஸ்டம் 9’ என்று பெயர். ஒரே சீட்டில் ஒன்பது எண்ணைக் குறித்தால் போதும், ஆனால் கணக்கில் அது 84 பந்தயம், விலை 84 டாலர். குலுக்கலில் விழுந்த ஆறில் மூன்று இந்த ஒன்பதுக்குள் இருந்துவிட்டால், 84-இல் 20 பந்தயங்களுக்கு மூன்று எண் பொருந்தும். தலைக்குப் பத்து டாலர் வீதம் 200 டாலர் கையில் வரும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பதுக்குள் மூன்றோ அதற்கு மேலோ விழுவது ஏறக்குறைய 15 குலுக்கலுக்கு ஒரு முறைதான். மற்ற நாட்களில் 84 டாலரும் முழுசாகப் போய்விடும். அதே பணத்துக்கு ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 84 சீட்டுகளை வாங்கியிருந்தால், நூறு குலுக்கலில் எண்பதை ஒட்டிய தடவை ஏதாவது ஒரு சிறு பரிசாவது கிடைத்திருக்கும். பெரும்பாலும் பத்தோ இருபதோ டாலர். இரண்டு வழியிலும் நீண்ட காலம் ஆடி, மூன்று எண் பொருந்திய பந்தயங்களை எண்ணிச் சராசரி எடுத்தால் ஒரே விடைதான் வரும்: குலுக்கலுக்குச் சுமார் ஒன்றரை. ஏனென்றால் எந்த ஆறு எண்ணுக்கும் வாய்ப்பு ஒன்றே. பக்கத்தில் என்னென்ன சீட்டுகளை வாங்கியிருக்கிறோம் என்பது ஒரு சீட்டின் அதிர்ஷ்டத்தை மாற்றாது. பரிசுகள் கூட்டமாக வருமா, சிதறி வருமா என்பதை மட்டுமே வீல் மாற்றுகிறது.

84 சீட்டு கட்டுப்படியாகாதவர்களுக்காக வந்தது சுருக்கிய வீல். ஒன்பது எண்களை மும்மூன்றாக மூன்று கூட்டமாக்குங்கள். முதலும் இரண்டும் சேர்ந்து ஒரு சீட்டு, இரண்டும் மூன்றும் ஒன்று, மூன்றும் முதலும் ஒன்று. மொத்தம் மூன்றே சீட்டு. உங்கள் ஒன்பதில் நான்கு எண்கள் விழுந்தால், மூன்று கூட்டத்தில் ஏதாவது ஒன்றுக்கு அதிகபட்சம் ஒன்றுதான் போயிருக்க முடியும். மீதி மூன்றாவது மற்ற இரண்டு கூட்டத்தில் இருந்தாக வேண்டும். அந்த இரண்டும் சேர்ந்த சீட்டு நம்மிடம் இருக்கிறது. ஆக, ‘நான்கு விழுந்தால் மூன்று நிச்சயம்’. வீல் விற்பவர்கள் இதைத்தான் உத்தரவாதம் என்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் விஷயமெல்லாம் அந்த ‘விழுந்தால்’ என்பதில் இருக்கிறது. 49-இல் நாம் தேர்ந்த ஒன்பதுக்குள் நான்கோ அதற்கு மேலோ விழுவது ஏறக்குறைய 135 குலுக்கலுக்கு ஒரு முறை. மற்ற குலுக்கல்களில் உத்தரவாதம் பேசவே பேசாது. மூன்று மட்டும் விழுந்து, அவை கூட்டத்துக்கு ஒன்றாகப் பிரிந்துவிட்டால், மூன்று சீட்டிலும் இரண்டிரண்டுதான் பொருந்தும். டோட்டோவில் இரண்டுக்குப் பரிசு கிடையாது.

‘விழுந்தால்’ என்ற நிபந்தனையே இல்லாத வீல் ஒன்று உண்டா? உண்டு. பிரிட்டனின் நேஷனல் லாட்டரியில் 59 எண்களிலிருந்து ஆறு விழும். சீட்டு இரண்டு பவுண்டு. இரண்டு எண் பொருந்தினாலே கடைசிப் பரிசு உண்டு. என்ன விழுந்தாலும் அந்தப் பரிசைத் தப்பவிடாமல் இருக்கக் குறைந்தது எத்தனை சீட்டு வேண்டும் என்ற கேள்வியை மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணிதவியலாளர்கள் டேவிட் ஸ்டூவர்ட்டும் டேவிட் குஷிங்கும் எடுத்துக்கொண்டார்கள். 2023-இல் வந்த அவர்களுடைய விடை 27. அதில் ஒன்று குறைந்தாலும் போதாது என்பதையும் நிரூபித்தார்கள். கடினமான பகுதி அந்த நிரூபணம்தான்.

27 போதும் என்பதை நாமே சரிபார்க்கலாம். 59 எண்களை 14, 14, 14, 9, 8 என்று ஐந்து கூட்டமாகப் பிரியுங்கள். விழுவது ஆறு எண், கூட்டமோ ஐந்து. ஏதாவது ஒரு கூட்டத்தில் இரண்டு எண் விழாமல் தீராது. ஆகவே ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் எந்த இரண்டு எண்ணை எடுத்தாலும் அவை சேர்ந்திருக்கும் சீட்டு ஒன்று நம் கையில் இருந்தால் போதும். ஒன்பதுக்கு மேலே பார்த்த அதே மூன்று சீட்டு பொருந்தும், எட்டுக்கும் அப்படியே. பதினான்கை ஏழு ஜோடிகளாக்கி 1 முதல் 7 வரை பெயரிட்டு, சீட்டுக்கு மூன்று ஜோடி வீதம் இப்படி எழுத வேண்டும்: 1-2-4, 2-3-5, 3-4-6, 4-5-7, 5-6-1, 6-7-2, 7-1-3. எந்த இரண்டு ஜோடியைத் தேடினாலும் சரியாக ஒரே ஒரு சீட்டில் சந்திக்கும். ஃபானோ தளம் என்று வடிவியலில் பெயர் பெற்ற அமைப்பு இது. இதைவிடச் சிக்கனமாக அடுக்க முடியாது. ஏழு, ஏழு, ஏழு, மூன்று, மூன்று: 27 சீட்டு, 54 பவுண்டு.

அந்த 54 பவுண்டுக்கு உறுதியாகக் கிடைப்பது என்ன? இரண்டு எண்ணுக்கான பரிசு பணம் அல்ல. அடுத்த ஆட்டத்துக்கு ‘லக்கி டிப்’ என்ற ஓர் இலவசச் சீட்டு. கடையில் அதன் விலை இரண்டு பவுண்டு. மூன்று எண் பொருந்தினால்தான் 30 பவுண்டு வரும், அப்படி இரண்டு சீட்டுக்கு அமைந்தால்தான் போட்ட பணம் திரும்பும். வீல் அதற்கு எந்த உறுதியும் தருவதில்லை.

என்னைக் கேட்டால் இதைவிடச் சுவாரசியமானது வேறொரு கணக்கு. இந்த ஆட்டத்தில் ஒரு சீட்டுக்கு ஏதாவது பரிசு விழும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்றைவிடச் சற்றே குறைவு. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு 27 சீட்டு வாங்கினாலும் சராசரியாக மூன்றுக்குப் பரிசு விழும்; ஒன்றுமே விழாமல் போவது நூற்றில் நாலைந்து தடவைதான். ஃபானோ தளம் அடைத்துத் தருவது அந்த நாலைந்து தடவையை மட்டும். அதுவும் சும்மா அல்ல, மற்றத் தடவைகளில் வரக்கூடிய பரிசைக் கொஞ்சம் குறைத்து, சராசரி மாறாமல்.

ஸ்டூவர்ட்டும் குஷிங்கும் 2023 ஜூலை 1 குலுக்கலுக்குத் தங்கள் 27 சீட்டையும் வாங்கியே பார்த்தார்கள். மூன்று சீட்டுகளில் இரண்டிரண்டு எண் பொருந்தியது. கிடைத்த மூன்று லக்கி டிப்புக்கும் பின்னர் ஒன்றுமே விழவில்லை.