ஒரு நிமிடம், ஒரு கேள்வி

முதல் நாவலுக்கு எடுக்கும் முன்னோட்டக் காணொளியில் கதைச்சுருக்கம் சொல்லவே கூடாது. எழுத்தாளரின் பெயர் யாருக்கும் தெரியாது. கதையின் காற்றுதான் வாசகரை இழுக்க வேண்டும்.

சுந்தர ராமசாமியின் முதல் நாவலான 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) இன்று வெளிவருவதாக வைத்துக்கொள்வோம். அறுபது விநாடிக்கு நான் எழுதும் ஸ்கிரிப்ட் இது:

இருள். இலைகள் உரசும் சத்தம் மட்டும். விடியலில் முச்சந்தி, நடுவே புளியமரம். அதன் நிழலில் கூடையை இறக்கி வைக்கும் இரு கைகள். அந்தி, கடைகளில் விளக்கு எரிகிறது. பட்டப்பகலில் அதே முச்சந்தி, வெறும் வெயில். அப்போதுதான் குரல்: "எல்லோருக்கும் நிழல் தந்த மரத்தை எதற்காகக் கொன்றார்கள்?" புத்தக அட்டை. முடிந்தது.

மரம் அழிந்ததை மறைக்கத் தேவையில்லை. நாவலே அதைத் தொடக்கத்தில் சொல்லிவிடுகிறது. கேள்வியில்தான் கவனம் வேண்டும். "மரம் பிழைக்குமா?" என்றால் ஆம், இல்லை என்ற பதிலோடு ஆர்வம் அடங்கிவிடும். "யார் கொன்றார்கள்?" என்றால் துப்பறியும் கதை என்று நினைத்து வாங்குபவர் ஏமாறுவார். "எதற்காக" என்பதற்கு முழு நாவலும்தான் பதில். இரண்டாவது கேள்வி சேர்த்தால் முதல் கேள்வியின் கூர் மழுங்கும்.

மனிதர்களின் முகத்தையும் காட்டாதீர்கள். பாத்திரத்துக்கு முகம் தரும் உரிமை வாசகருடையது.

நாவலைப் படிக்காத ஒருவருக்குப் போட்டுக் காட்டுங்கள். "ஐயோ பாவம்" என்று மட்டும் சொன்னால், கேள்வியைத் திருத்தி எழுதுங்கள். "ஏன், அப்படி என்ன நடந்தது?" என்று கேட்டால் படப்பிடிப்புக்குப் போகலாம்.