மழைநாளும் சுற்றுலாத் திட்டமும்

தென்மேற்குப் பருவமழை இந்தியாவின் பெரும்பகுதியை நனைக்கும்போது, தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரை அதில் சிறு பங்கையே பெறுகிறது. அக்கரைக்கு உரிய மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. சென்னை ஓராண்டில் பெறும் மழையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி இம்மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. பள்ளிகள் சுற்றுலாச் செல்ல விரும்புவதும் பெரும்பாலும் வெயில் தணிந்த இம்மாதங்களில்தான். எனவே, இக்காலத்தில் வடதமிழ்நாட்டுக்குச் செல்வோர் இரண்டு திட்டங்களுடன் புறப்பட வேண்டும். ஒன்று வானம் வெளுத்திருந்தால் பயன்படுவது. மற்றொன்று மழை பெய்தால் பயன்படுவது. இவ்விரண்டும் தனித்தனியே வரையப்பட்டால் பயனில்லை. முதல் திட்டத்தின் நாள்களை இடம் மாற்றினாலே இரண்டாம் திட்டம் கிடைக்குமாறு அமைப்பதுதான் திறமை.

திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்று, நவம்பர் மாதத்தில் நாற்பது மாணவரைச் சென்னை, மாமல்லபுரம், காஞ்சிபுரம் ஆகிய மூன்று ஊர்களுக்கு அழைத்துச் செல்ல எண்ணுகிறது என வைத்துக்கொள்வோம். நாள்கள் மூன்று; புதன், வியாழன், வெள்ளி. அவர்களுள் பலர் அதுவரை கடலைக் கண்டவரல்லர். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த பணத்தில் செல்லும் அப்பயணம் மறு ஆண்டும் வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை. ஆசிரியர் எழுதிய முதல் திட்டம் இது: புதனன்று சென்னை அரசு அருங்காட்சியகம், வியாழனன்று காஞ்சிபுரம், வெள்ளியன்று மாமல்லபுரம். படிப்படியாக ஊரைவிட்டு ஊர் செல்லும் இவ்வரிசை பார்வைக்குச் சீராக உள்ளது. ஆயினும் இதில் இரண்டு குறைகள் மறைந்துள்ளன.

அவற்றை அறிய, முதலில் அம்மூன்று இடங்களும் மழையை எவ்வாறு தாங்குகின்றன என்று பார்க்க வேண்டும். மாமல்லபுரம் பெரும்பாலும் திறந்தவெளி. கடற்கரைக் கோயிலும் ஐந்து இரதங்களும் வானத்தின் கீழ் நிற்பவை. வராக மண்டபம், மகிடாசுரமர்த்தினி மண்டபம் முதலிய குடைவரைகளில் ஒதுங்கி நிற்கலாம். ஆனால் அவற்றை அடையப் பாறைமேல் ஏற வேண்டும். நனைந்த பாறை வழுக்கும். இடி முழங்கும்போது உயர்ந்த வெட்டவெளிப் பாறையில் நிற்பது உயிருக்கே ஊறு செய்யும். ஆகவே, பெருமழையில் இவ்வூரைக் காண இயலாது.

காஞ்சிபுரம் பாதி கூரையுள்ள ஊர் எனலாம். ஏகாம்பரநாதர் கோயிலின் நெடிய தூண் வரிசைகள் கொண்ட திருச்சுற்றும், வரதராசப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபமும் மழைக்கு அஞ்சாதவை. கைலாசநாதர் கோயிலின் வெளிச்சுற்று மட்டும் திறந்த முற்றமாக உள்ளது. தூறல் நின்ற இடைவேளையில் அதனைப் பார்த்துக்கொள்ளலாம். இவ்வூரில் மழையைவிடக் கருத்தில் கொள்ள வேண்டியது நண்பகல் நேரமே. கோயில்கள் பொதுவாக நண்பகலில் நடைசாத்தி மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறப்பதால், காலையில் காலம் தாழ்த்திச் செல்வோர் மூடிய கதவையே காண்பர்.

எழும்பூரில் உள்ள அரசு அருங்காட்சியகம் முழுக் கூரையுடையது. 1851ஆம் ஆண்டு தோன்றிய இக்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசர் முதலிய செப்புத் திருமேனிகளும், அமராவதிப் பௌத்தத் தூபியின் சிற்பக் கற்களும், சிறுவர் வியக்கும் திமிங்கில எலும்புக்கூடும் உள்ளன. ஒரு முழுநாளைச் செலவிட்டாலும் முடியாத செல்வம் அது.

இனி முதற்குறையைக் காண்போம். ஆசிரியர் கூரையுள்ள இடத்தை முதல் நாளிலும் திறந்த இடத்தை இறுதி நாளிலும் வைத்துவிட்டார். புதனன்று வெயில் காய, மாணவர் அருங்காட்சியகத்தின் உள்ளே நின்றுவிட்டனர். வெள்ளியன்று மழை கொட்டினால் போவதற்கு வேறிடம் இல்லை. கூரையுள்ள இடம் முன்னரே செலவாகிவிட்டது. மாமல்லபுரத்தைத் தள்ளிவைக்க மறுநாளும் இல்லை. மாறாகத் திறந்த இடத்தை முதலிலும் கூரையுள்ள இடத்தை முடிவிலும் வைத்திருந்தால், முதல் நாள் மழை பெய்தாலும் அதனை ஏற்க இரண்டு நாள்கள் எஞ்சியிருக்கும். குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதிருப்பதைப் போன்றதே அருங்காட்சியகத்தை இறுதிவரை செலவழிக்காமல் வைத்திருப்பதும்.

இரண்டாம் குறை நாளைப் பற்றியது. அரசு அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்திற்கும் அதே நாளில்தான் விடுமுறை. ஆதலால், புதன் முதல் வெள்ளி வரையுள்ள பயணத்தில் அருங்காட்சியகத்தை இறுதி நாளுக்குக் கொண்டுசெல்லவே முடியாது. வரிசையைத் திருப்ப முயன்றவர் இங்கே முட்டிக்கொள்வார். விடுமுறை நாள்களை அறியாமல் நாள்மாற்றம் செய்வோர் மழையில் நனைந்துகொண்டு பூட்டிய வாயிலின் முன் நிற்பதும் உண்டு. இதற்குத் தீர்வு, பயணத்தையே ஒரு நாள் தள்ளி வியாழனில் தொடங்கிச் சனியில் முடிப்பது. வியாழன் மாமல்லபுரம், வெள்ளி காஞ்சிபுரம், சனி அருங்காட்சியகம் என்று அமைந்தால், விடுமுறை நாளாகிய வெள்ளி பாதிக்கூரை ஊருக்கு உரியதாகிவிடும். மாமல்லபுரச் சின்னங்கள் எல்லா நாளும் திறந்திருப்பதால், அவற்றை எந்நாளுக்கும் நகர்த்தலாம்.

நாள்கள் இவ்வாறு நகர வேண்டுமாயின் தங்குமிடம் நகரக் கூடாது. முதல் இரவு மாமல்லபுரத்தில், மறு இரவு காஞ்சியில் என்று விடுதிகளை அமர்த்திவிட்டால், வரிசை கட்டுண்டுபோகும்; மழை பெய்தாலும் பணம் கொடுத்த விடுதி அழைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு இரவுகளும் சென்னையிலேயே தங்கி, அங்கிருந்து காலையில் சென்று மாலையில் திரும்பினால் எந்த நாளும் எந்த ஊருக்கும் உரியதாகும். மாமல்லபுரம் ஏறத்தாழ அறுபது கிலோமீட்டரும், காஞ்சிபுரம் ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டரும் தொலைவில் உள்ளன. பேருந்துக்குச் சற்று மிகுதியாகச் செலவாகும் என்பது உண்மையே. அச்செலவு நாள்களை மாற்றும் உரிமைக்குக் கொடுக்கும் விலை. பேருந்து உரிமையாளரிடமும், நண்பகல் உணவு அளிப்போரிடமும், "ஊர்களின் வரிசை மாறலாம், முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் சொல்வோம்" என்று முன்னரே பேசிவைப்பது இன்றியமையாதது.

அந்த ஒன்பது மணிக்கு எதனைக் கொண்டு முடிவு செய்வது? வானிலை ஆய்வுத்துறையின் அறிக்கையைக் கொண்டுதான். ஆனால் அதனைச் சரியாகப் படிக்க வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை. அதற்கு மேல் 204.4 மில்லிமீட்டர் வரை மிகக் கனமழை. அதனையும் கடந்தது அதிகனமழை. "ஓரிரு இடங்களில்" என்னும் சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு வட்டாரத்தில் உள்ள மழைமானி நிலையங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மிகாதவற்றில் பெய்யக்கூடும் என்பதே அதன் பொருள். "பெரும்பாலான இடங்களில்" என்றால் நான்கில் மூன்று பங்குக்கு மேல். எனவே, ஓரிரு இடங்களில் மழை என்ற அறிக்கைக்காக நாளை மாற்றுவது அவசரப்படுவதாகும். பெரும்பாலான இடங்களில் மழை, ஓரிரு இடங்களில் கனமழை என்று வந்தால் மாற்றிவிடுவதே நன்று.

பருவக்காற்று கொண்டுவரும் மழையில் இருவகை உண்டு. கடல்மேல் திரளும் மேகங்கள் கரையேறிப் பொழியும் மழை, பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் மிகுந்து, பகலில் அரைமணி, ஒருமணி பெய்து விலகும். விடியலில் கொட்டுவதைக் கண்டு அஞ்சி நாளை மாற்றியவர், ஒன்பது மணிக்கு வெயில் அடிப்பதைக் கண்டு வருந்த நேரும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அருகில் இருக்கும்போது பெய்யும் மழை வேறு. வானம் முழுதும் ஒரே சாம்பல் நிறமாக மூடி, காற்று ஓயாமல் வீச, மழை இடைவெளியின்றி நாள் முழுதும் நீடிக்கும். முதல்வகைக்குக் காத்திருத்தல் மருந்து. இரண்டாம் வகைக்கே நாள்மாற்றம். முன்னிரவு எடுத்த முடிவை, மறுநாள் காலை ஆறு மணிக்கு, அடுத்த மூன்று மணி நேரத்திற்கென வெளியிடப்படும் அறிவிப்புடன் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். பலரிடம் கருத்துக் கேட்டு அடிக்கடி மாற்றினால் ஓட்டுநர் முதல் சமையற்காரர் வரை அனைவரும் குழம்புவர்.

இப்போது திட்டத்தைச் சோதிப்போம். வியாழனன்று பெருமழை என்று புதன் இரவு தெரிகிறது. வியாழன் அருங்காட்சியகம்; வெள்ளி மாமல்லபுரம்; சனி காஞ்சி. வெள்ளியும் மழையே என்றால், அன்று காஞ்சியின் மண்டபங்கள், சனிக்கு மாமல்லபுரம். மூன்று நாளும் மழையே என்றால் சனியன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்திராவுக்குச் செல்லலாம். தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுவிய அவ்விடத்தில், ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டுக்குக் குடைபிடித்து நடந்து உள்ளே நின்று பார்க்கலாம். அதற்குச் செவ்வாய்க்கிழமைதான் விடுமுறை. பிற்பகலில் மழை சற்று ஓய்ந்தால், அங்கிருந்து மாமல்லபுரம் தொலைவில்லை. ஒரு மணி நேரமே கிடைப்பினும், சாலையோரத்திலேயே உள்ள அருச்சுனன் தபசுச் சிற்பத்தையும் அதன் அருகே உள்ள கிருஷ்ண மண்டபத்தையும் பாறை ஏறாமலே கண்டு திரும்பலாம். அப்பெருஞ்சிற்பத்தின் நடுவில் உள்ள பிளவில் நாகர்கள் செதுக்கப்பட்டுள்ளனர். பாறையின் மேலே தேக்கிய நீர் அவ்வழியே அருவியாக விழுமாறு அமைத்திருந்தனர் என்று அறிஞர் பலர் கருதுவர். ஈரம் உலராத வேளையில் அப்பிளவைக் காண்பவர், வெயிலில் வந்தவரைவிட அதனை நன்றாகப் புரிந்துகொள்வர்.

இவ்வளவும் மழைக்கே, புயலுக்கன்று. வானிலைத்துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் கூரையுள்ள இடமும் உதவாது. 2023 டிசம்பர் 4ஆம் நாள் மிக்சாங் புயலின்போது சென்னையின் சாலைகள் நீரில் மூழ்கின. விமான நிலையம் மூடப்பட்டது. தொடர்வண்டிகள் பல நிறுத்தப்பட்டன. அருங்காட்சியகத்தை அடையும் வழியே இல்லாதபோது, அதனுள் மழை ஒழுகாது என்பதால் என்ன பயன்? அத்தகைய எச்சரிக்கை புறப்படுமுன் வந்தால் பயணம் முழுவதையும் அடுத்த வாரத்து வியாழனுக்குத் தள்ள வேண்டும். நடுவழியில் வந்தால் விடுதியின் மேல்மாடியில் தங்கி, குடிநீரும் இரண்டு நாள் உணவும் சேர்த்துக்கொண்டு, பெற்றோருக்குச் செய்தி சொல்லிவிட்டு, நீர் வடியும்வரை இருப்பதே வழி.